பழைய டிஸ்டம்பர் சுவர்: மறுபடி டிஸ்டம்பரா, எமல்ஷனுக்கு மாறலாமா? சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ பத்துப் பதினைந்து வருடம் பழகிய ஃப்ளாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் சுவரில் கை வைத்தால் விரலில் மாவு ஒட்டுகிறது. சோஃபாவுக்குப் பின்னால் தலை எண்ணெய்க் கறை, சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைத்தடம். பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, "டிஸ்டம்பர்னா சீக்கிரம் முடிச்சிடலாம் சார். எமல்ஷன் வேணும்னா இதுக்கு மேலயே ரெண்டு கோட் அடிச்சிடறேன்" என்கிறார். இந்த இரண்டாவது யோசனையில்தான் ஆபத்து இருக்கிறது. டிஸ்டம்பரா எமல்ஷனா என்ற கேள்விக்கு விடை டப்பாவில் இருப்பதைவிட, சுவரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் அந்தச் சுவரையே முன்னால் வைத்துக்கொண்டு போவோம்.

இரண்டும் எதனால் ஆனவை

இரண்டுமே தண்ணீரில் கரைத்து அடிப்பவைதான். டிஸ்டம்பரில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் மாவு. அதைப் பிடித்து வைக்கும் பசை குறைவு. பசை போதாததால் மாவுத் துகள்களுக்கு இடையில் நுண்ணிய இடைவெளிகள் இருந்துகொண்டே இருக்கும். காய்ந்த பிறகும் சுவர் சாக்பீஸ் போலப் பளபளப்பில்லாமல் மேட் ஃபினிஷாகத் தெரிவதும், தண்ணீரை உறிஞ்சுவதும், தேய்த்தால் மாவு வருவதும் இந்த ஒரே காரணத்தால்தான். இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் டிஸ்டம்பர். பழைய பவுடர் டிஸ்டம்பரைவிட அது எவ்வளவோ மேல். ஆனாலும் மாவு மிகுதி, பசை குறைவு என்ற அடிப்படை மாறவில்லை.

எமல்ஷனில் அக்ரிலிக் பிசின் அதிகம். தண்ணீர் ஆவியானதும் பிசின் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுவர் மேல் தொடர்ச்சியான மெல்லிய படலமாகிவிடும். துடைக்க முடிவது அந்தப் படலத்தால்தான். விலை ஏற ஏறப் பிசினின் பங்கும் தரமும் கூடுகின்றன. அதனால் எமல்ஷன் என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மலிவு எமல்ஷன் துடைப்பதில் நல்ல டிஸ்டம்பரைவிட ஓரளவுக்குத்தான் மேல். மெய்யான வித்தியாசம் பிரீமியம் ரகத்தில்தான் தொடங்குகிறது.

கடையில் குழம்பாமல் இருக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு: டிஸ்டம்பர் கிலோவில் விற்கும், எமல்ஷன் லிட்டரில் விற்கும். ஏஷியன் பெயிண்ட்ஸின் டிராக்டர் என்ற பெயரில் டிஸ்டம்பரும் உண்டு, எமல்ஷனும் உண்டு. "டிராக்டர் அடிக்கிறேன்" என்று பேசி முடித்தால் எது வரும் என்று தெரியாது. மதிப்பீட்டுச் சீட்டில் முழுப் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

படி 1: சுவரில் இருப்பதைச் சோதியுங்கள்

முதலில் உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். மாவு தாராளமாக வந்தால் டிஸ்டம்பர் அல்லது சுண்ணாம்பு. அடுத்து ஈரத்துணியால் ஓரிடத்தில் பத்துப் பதினைந்து முறை தேயுங்கள். துணியில் சுவரின் நிறம் ஏறி, தேய்த்த இடம் குழைந்தால் டிஸ்டம்பர் உறுதி. எமல்ஷனாக இருந்தால் துணியில் அழுக்குத்தான் வரும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. அகலமான செல்லோடேப்பைச் சுவரில் நன்றாக அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்பின் பசை முழுக்க வெள்ளையாகிவிட்டாலோ, செதிலாக ஏதாவது பெயர்ந்து வந்தாலோ, அந்தச் சுவர் தன் மேல் வரும் எதையும் தாங்காது. கோலமாவின் மேல் டேப் ஒட்டிய கதைதான். டேப் ஒட்டியிருப்பது மாவில், தரையில் இல்லை. எமல்ஷனுக்கும் இதேதான் நடக்கும். அது காயும்போது சற்றுச் சுருங்கும்; சுருங்கும் படலம் கீழே இருக்கும் தளர்ந்த டிஸ்டம்பரையும் சேர்த்து இழுக்கும். அடித்த வாரம் சுவர் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் ஜன்னல் ஓரங்களிலும் மூலைகளிலும் செதில் எழும்பும். ஒரு செதிலைப் பிடித்து இழுத்தால் கை அகலத்துக்குப் பட்டையாக உரிந்து வரும், அதன் பின்பக்கம் பழைய டிஸ்டம்பர் நிறம் ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால் எமல்ஷனைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியில் சுரண்டாமல் விட்டதுதான் காரணம்.

படி 2: ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள்

சென்னையில் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளிச்சுவர் குடித்த தண்ணீர் வெளியேற வாரக்கணக்காகும். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஆனால் சுவர்கள் மிகவும் ஈரமாக இருப்பதும் பெயிண்டர்கள் கையில் கிடைக்காததும் அந்த நாட்களில்தான். பண்டிகையை விட்டுக்கொடுக்க முடிந்தால் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். அங்கிருந்து மே வரை நல்ல காலம்.

சோதிக்க, ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். டிஸ்டம்பரின் மேல் டேப் நிற்காது என்பதால் ஒட்டும் இடத்தை மட்டும் முதலில் சுரண்டிக்கொள்ள வேண்டும். எடுக்கும்போது ஷீட்டின் உள்பக்கம் நீர்முத்துகள் இருந்தாலோ, சுவர் அந்தச் சதுரத்தில் மட்டும் கருத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். பாத்ரூமுக்கு அடுத்த சுவர், தரைத்தளத்தில் அடியிலிருந்து மூன்றடி உயரம், மொட்டைமாடிக்குக் கீழ் இருக்கும் சீலிங் ஓரம், இந்த மூன்று இடங்களிலும் கட்டாயம் பாருங்கள்.

வெள்ளையாகப் பஞ்சு போல உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். உப்பு வருகிறதென்றால் எங்கிருந்தோ தண்ணீரும் வருகிறது. அந்தக் கசிவை அடைக்காமல் எந்தப் பெயிண்டை அடித்தாலும் வீண்.

கசிவை உடனே சரிசெய்ய முடியாத சுவர்களும் உண்டு. மேல்வீட்டுக்காரரின் பாத்ரூம் விவகாரமெல்லாம் அவ்வளவு எளிதில் தீராது. அங்கே டிஸ்டம்பர்தான் சரி. அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் ஆவியாகிப் போய்விடும். எமல்ஷன் படலம் ஈரத்துக்குத் தடையாக நிற்பதால் கொப்புளம் கிளம்பும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் சுண்ணாம்புக் காரைச் சுவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். அவை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுப் பழகியவை. பிளாஸ்டிக் படலத்தால் அவற்றை மூடாதீர்கள்.

படி 3: எந்தச் சுவருக்கு எது என்று பிரியுங்கள்

வீடு முழுக்க ஒரே பெயிண்ட் என்று யாரும் விதி வைக்கவில்லை. கை படாத சீலிங்குக்குக் கழுவும் தன்மை தேவையே இல்லை. அங்கே டிஸ்டம்பரோ மலிவு எமல்ஷனோ போதும். பளபளப்பு இல்லாததால் மேடுபள்ளமும் தெரியாது. பரண் உள்பக்கத்துக்கும் அதேதான்.

கை படும் சுவர்களுக்குத் துடைப்பதில் எது எவ்வளவு தாங்கும் என்று பார்த்து முடிவெடுங்கள். டிஸ்டம்பர் டப்பாவில் 'வாஷபிள்' என்று இருந்தாலும் அதை லேசான ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தித் தேய்த்தால் கறை போகும் முன் நிறம் போய் வெளுத்த வட்டம் விழும்; அந்த வட்டம் கறையைவிட அசிங்கமாகத் தெரியும். மலிவு எமல்ஷனில் ஈரத்துணி செல்லும், சோப்புத் தண்ணீர் சந்தேகம்தான். பிரீமியம் எமல்ஷனில் பாத்திரம் கழுவும் திரவத்தை நன்றாக நீர்த்து மென்மையான ஸ்பாஞ்சால் துடைக்கலாம். பென்சில், காபி, கைத்தடம் பெரும்பாலும் போய்விடும். அதற்கும் மேல் இருக்கும் லக்ஷுரி ரகம் திரும்பத் திரும்பத் துடைத்தாலும் தாங்கும். மஞ்சள் கறைக்கு மட்டும் எதையும் நம்ப வேண்டாம். சாமி படத்துக்குப் பக்கத்தில் மஞ்சள், குங்குமம் தொட்ட விரல்கள் படும் இடத்தையும், அடுப்புக்குப் பின்னால் தாளிப்பு தெறிக்கும் இடத்தையும் டைல்ஸுக்கு விட்டுவிடுவதே நல்லது.

ஃபினிஷில் பலர் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. லக்ஷுரி எமல்ஷனின் மெல்லிய பளபளப்பு சுவரின் குறைகளையும் சேர்த்துக் காட்டும். இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பூச்சு வேலையின் அலை அலையான மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். பளபளப்பான பெயிண்ட் அடித்தால் மாலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது தினமும் அந்தக் காட்சிதான். சுவர் முழுவதும் பட்டி பார்த்து நிரவப் பணம் இல்லையென்றால் மேட் ஃபினிஷ் எமல்ஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்தமான நீலம், மெரூன் போன்ற நிறங்கள் வேண்டும் என்றால் எமல்ஷன்தான் வழி. டிஸ்டம்பர் பெரும்பாலும் இளநிறங்களோடு நின்றுவிடும்.

படி 4: செலவைக் கணக்குப் போடுங்கள்

நம் உதாரண ஹால் 15 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 540 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 70 கழித்தால் 470. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையையும் உங்கள் பெயிண்டரின் கூலியையும் அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். ஓர் ஆளுக்கு நாள் கூலி ₹1,000 என்று வைக்கிறேன்.

டிஸ்டம்பர் இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ ஏறக்குறைய 50 சதுர அடி வரும் என்றால் 10 கிலோ. கிலோ ₹80 வீதம் ₹800. தளர்ந்ததை மட்டும் சுரண்டி, ஓட்டை அடைத்து, இரண்டு கோட் அடிக்க இரண்டு ஆள் நாள், ₹2,000. பட்டிக்கு ₹100. மொத்தம் ₹2,900.

பிரீமியம் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டர் சுமார் 110 சதுர அடி. நாலரை லிட்டருக்குள் முடிந்தாலும் 4 லிட்டரும் 1 லிட்டருமாக வாங்க வேண்டும். லிட்டர் ₹350 என்றால் ₹1,750. பிரைமர் 4 லிட்டர் ₹480, பட்டி ₹250. வேலைதான் இங்கே பெரிது: டிஸ்டம்பரை முழுதாகச் சுரண்டிக் கழுவ ஒன்றரை நாள், பட்டி பார்த்து உப்புத்தாள் போட ஒன்றரை நாள், பிரைமரும் இரண்டு கோட்டும் இரண்டு நாள். ஐந்து ஆள் நாள், ₹5,000. மொத்தம் ₹7,480.

இரண்டரை மடங்கு. ஆனால் கூடுதலாகப் போகும் ₹4,580-இல் பெயிண்ட் விலை வித்தியாசம் வெறும் ₹950 என்பதைக் கவனியுங்கள். மீதியில் பெரும்பங்கு பழைய டிஸ்டம்பரை அகற்றி, பட்டி பார்த்துச் சுவரைத் தயார் செய்யும் கூலி. டிஸ்டம்பரின் மலிவு, அகற்றும் செலவைப் பின்னால் வருபவர் தலையில் கட்டுவதால் வரும் மலிவு.

இதைப் பன்னிரண்டு வருடத்துக்கு நீட்டிப் பார்ப்போம். டிஸ்டம்பர் கையும் கறையும் படும் ஹாலில் மூன்று வருடம் தாக்குப்பிடிக்கும் என்றால் நான்கு முறை, ₹11,600. கோட் மேல் கோட் ஏறிக் கனம் கூடினால் தானே செதிலாகும், நடுவில் ஒருமுறை முழுதாகச் சுரண்ட வேண்டிவரும், அதற்கு ₹1,500. மொத்தம் ₹13,100. பிரீமியம் எமல்ஷன் ஆறு வருடம் என்றால் இரண்டு முறை. இரண்டாவது தடவை சுரண்டல் கிடையாது. கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இரண்டு கோட், ஏறக்குறைய ₹3,750. மொத்தம் ₹11,230. விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமல் வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் சற்றுக் குறைவுதான்.

ஆகவே 'எமல்ஷன் போட்டால் மிச்சம்' என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். நான்கு முறை பீரோவையும் கட்டிலையும் நகர்த்தும் இடத்தில் இரண்டு முறை நகர்த்துகிறீர்கள், நடுவில் சுவரைத் துடைக்க முடிகிறது. கூடுதல் பணம் இதற்குத்தான். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டை விற்பவருக்கும், ஆள் மாறும்போதெல்லாம் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டிய வாடகை வீட்டுக்காரருக்கும் டிஸ்டம்பர் கணக்கே சரியாக வரும். அதே வீட்டில் நீங்கள் குழந்தைகளோடு இருக்கப் போகிறீர்கள் என்றால் ஒருமுறை முழுதாகச் சுரண்டி எமல்ஷனுக்கு மாறிவிடுங்கள். மலிவு எமல்ஷனுக்காகச் சுரண்டல் கூலி கொடுப்பதுதான் மிக மோசமான பேரம்: கூலி அதேதான், ஆயுள் மூன்று நான்கு வருடத்தில் முடிந்துவிடும்.

படி 5: சுரண்டல்

சுவரில் தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பட்டித் தகடால் சுரண்டினால் டிஸ்டம்பர் கூழாக வரும். தூசியும் பறக்காது. ஒரே நேரத்தில் ஒரு கை எட்டும் பரப்பை மட்டும் நனையுங்கள். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரில் மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குவது அவசியம். கூழ் போன பிறகு ஸ்பாஞ்சும் சுத்தமான தண்ணீருமாக ஒருமுறை துடைத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு அதே செல்லோடேப் சோதனை. டேப் ஏறக்குறைய சுத்தமாக வந்தால்தான் அடுத்த படி. "கொஞ்சம் இருந்தா பரவால்ல சார், பிரைமர் புடிச்சுக்கும்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். பிரைமர் லேசான மாவைக் கட்டும், தளர்ந்த படலத்தைக் கட்டாது.

மறுபடி டிஸ்டம்பரே அடிப்பதாக இருந்தால் இவ்வளவு வேண்டாம். செதிலாகி நிற்பதைத் தட்டி எடுத்து, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துணியால் துடைத்தால் போதும்.

படி 6: பிரைமரும் பட்டியும்

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு வெள்ளை சிமெண்ட் பட்டியைப் பழைய பெயிண்ட் மேல் தடவுவது. அது வெறும் சிமெண்ட் பூச்சோடு, அதுவும் சுவரை நனைத்துத் தடவினால்தான் பிணையும். டிஸ்டம்பர் எச்சத்தின் மேலோ பிரைமர் மேலோ தடவினால் காய்ந்ததும் பொக்கென்று நிற்கும். விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்கும். நம் ஹாலைப் போல ஏற்கெனவே பெயிண்ட் கண்ட சுவருக்கு அக்ரிலிக் பட்டி வாங்குங்கள். முறை இதுதான்: ஒரு கோட் பிரைமர், காய்ந்ததும் பள்ளம் உள்ள இடங்களில் மெல்லிசாகப் பட்டி, தேவைப்பட்டால் இரண்டு தடவை, நன்றாகக் காய்ந்த பின் உப்புத்தாள், தூசி துடைப்பு, பட்டி பட்ட இடங்களில் மட்டும் மறுபடி பிரைமர். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் பட்டி எமல்ஷனின் நீரைச் சட்டென்று உறிஞ்சும், அந்த இடங்கள் திட்டுத்திட்டாக மங்கித் தெரியும்.

படி 7: கோட் அடித்தல்

தண்ணீர் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். எமல்ஷனில் பெரும்பாலும் லிட்டருக்கு 400 முதல் 500 மில்லி. அளந்து கலக்கச் சொல்லுங்கள். வாளியில் கண்ணளவாக ஊற்றினால் பிசின் நீர்த்துப்போய், விலை கொடுத்து வாங்கிய துடைக்கும் தன்மையே கெட்டுவிடும். பெயிண்ட் முழங்கை வரை ஒழுகினாலோ, இரண்டாவது கோட்டுக்குப் பின்னும் பட்டித் திட்டு தெரிந்தாலோ தண்ணீர் கூடிவிட்டது என்று அறியலாம். கணக்கில் ஐந்து லிட்டர் வந்த சுவர் மூன்றே லிட்டரில் முடிந்தால் சந்தோஷப்பட எதுவும் இல்லை.

இரண்டு கோட்டுக்கு நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள்; மப்பும் மந்தாரமுமான நாளில் மறுநாள் வரை பொறுப்பது நல்லது. ஃபேனை வேகமாக வைத்துக் காயவைப்பதைவிட ஜன்னலைத் திறந்து வைப்பது மேல்.

படி 8: அடித்த பிறகு

எமல்ஷன் தொட்டால் அரை மணியில் காய்ந்திருக்கும், ஆனால் படலம் முழு உறுதி அடைய மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை சோப்பு போட்டுத் துடைக்காதீர்கள். துடைத்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்து நிற்கும். பிறகு துடைக்கும்போதும் கறையின் நடுவிலேயே அழுத்தாமல், ஓரத்திலிருந்து உள்நோக்கி லேசாகத் துடைத்து, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பை எடுத்துவிடுங்கள்.

அரை லிட்டர் மீதமிருந்தால் தண்ணீர் கலக்காததை மட்டும் சிறிய டப்பாவில் இறுக மூடி, நிறத்தின் எண், பெயிண்டின் முழுப் பெயர், அடித்த மாதம் மூன்றையும் மூடியில் எழுதிப் பரணில் வையுங்கள். ஆணி ஓட்டையை அடைக்கும் நாளில் பிரஷ் வேண்டாம். ரோலரால் அடித்த சுவரில் பிரஷ் தடம் தனியாகத் தெரியும், அதனால் சிறிய ரோலர் துண்டால் ஒற்றி எடுங்கள். டிஸ்டம்பர் சுவரில் இந்த டச்சப் பெரும்பாலும் திட்டாகவே நிற்கும். அங்கே ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்தச் சுவரை முழுதாக ஒரு கோட் அடித்தால்தான் ஒன்றாகத் தெரியும்.